பந்தை உருட்டிப் பின்களைச் சாய்க்கும் பவுலிங்கில் நாலு ஸ்டெப் நடை, ஸ்லைடு, ரிலீஸ்: புதிதாக ஆடுபவர்கள் கேட்கும் கேள்விகள்

இங்குள்ள பதில்கள் எல்லாம் வலதுகைக்காரருக்காக எழுதப்பட்டவை. இடதுகைக்காரர்கள் வலது, இடது என்று வரும் இடங்களை மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

நாலு ஸ்டெப்புல எந்தக் கால் முதல்ல வரணும்? ஒவ்வொரு ஸ்டெப்லயும் பந்து எங்க இருக்கணும்?

வலது, இடது, வலது, இடது. கடைசி இடதுகால் நடக்காது, வழுக்கிக்கொண்டு போய் நிற்கும்.

முதல் ஸ்டெப்பில் வலதுகாலும் பந்தும் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன. வலதுகால் தரையில் பதியும்போது கை முன்னால் நீண்டு, பந்து வலதுபாதத்தின் விரல்களுக்கு மேலே, சற்று முன்னால் இருக்க வேண்டும். இரண்டாவது ஸ்டெப்பில் பந்து தன் எடையிலேயே கீழே விழுகிறது. இடதுகால் பதியும்போது அது வலதுகாலின் ஓரத்தில், ஸ்விங்கின் அடிமட்டத்தில் இருக்கும். மூன்றாவதில் வலதுகால் பதியும்போது பந்து முதுகுப்பக்கம் ஏறி உச்சியில் நிற்கும். நாலாவதில் இடதுகால் வழுக்கி முன்னேற, பந்து உச்சியிலிருந்து இறங்கி வருகிறது. கால் நிற்கப்போகும் நேரமும் பந்து இடது கணுக்காலைக் கடக்கும் நேரமும் ஒன்றாக அமைய வேண்டும்.

டைமிங் என்று சொல்வது இந்தக் கடைசிப் பொருத்தத்தைத்தான். ஆனால் அது கடைசியில் முடிவாவதில்லை. முதல் ஸ்டெப்பில் பந்து எப்போது கிளம்பியது என்பதுதான் அதைத் தீர்மானிக்கிறது. ஸ்லைடு சரியில்லை, ரிலீஸ் சரியில்லை என்று வருபவர்களில் பெரும்பாலோருக்குத் திருத்த வேண்டிய இடம் முதல் ஸ்டெப்தான்.

எங்கிருந்து நடக்க ஆரம்பிக்கணும்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

பந்து உருளும் லேன் தொடங்கும் இடத்தில் இருப்பது ஃபவுல் கோடு. அதற்கு முதுகைக் காட்டி, குதிகால் கோட்டிலிருந்து நாலு விரற்கடை தள்ளி இருக்கும்படி நில்லுங்கள். பின்களுக்கு எதிர்த்திசையில், பந்து போடும்போது நடப்பதைப் போலவே சுறுசுறுப்பாக நாலு ஸ்டெப் நடங்கள். ஸ்லைடுக்காக இன்னும் அரை ஸ்டெப் சேர்த்துக்கொண்டு திரும்பினால் அதுதான் உங்கள் இடம்.

தரையில் ஃபவுல் கோட்டிலிருந்து 12 அடியிலும் 15 அடியிலும் வரிசையாகப் புள்ளிகள் இருக்கும். உங்கள் பாதத்தின் முனை எந்தப் புள்ளி வரிசைக்கு எவ்வளவு முன்னால், எவ்வளவு பின்னால் என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொண்டால் அடுத்த முறை அளக்க வேண்டியதில்லை. பந்து போட்டு முடித்ததும் குனிந்து பாருங்கள். இடது ஷூவின் முனை கோட்டிலிருந்து 3 முதல் 6 அங்குலத்தில் நின்றிருந்தால் நல்லது. ஓரடிக்கு மேல் தள்ளி நிற்கிறது என்றால், அந்த வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவு முன்னால் வந்து தொடங்குங்கள். கோட்டை மிதிக்கிறது என்றால் அவ்வளவு பின்னால் போங்கள். ஸ்டெப்பின் நீளத்தை மாற்றிச் சரிசெய்யப் பார்த்தால் டைமிங்கும் சேர்ந்து குலையும்.

மூணு ஸ்டெப், அஞ்சு ஸ்டெப் போடறவங்களும் இருக்காங்களே?

இருக்கிறார்கள். ஐந்து ஸ்டெப் என்பது இதே நாலுக்கு முன்னால் பந்தை அசைக்காமல் இடதுகாலால் வைக்கும் ஒரு ஸ்டெப்தான். போட்டிகளில் ஆடுபவர்கள் நிறையப் பேர் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். மூன்று ஸ்டெப்பில் பந்து முழுச் சுற்று சுற்றி வர நேரம் போதாது, தோள் பலத்தால் தள்ள வேண்டிவரும். புதியவருக்கு நாலுதான் வசதி: முதல் ஸ்டெப்பும் பந்தும் சேர்ந்து கிளம்புவதால் நினைவில் வைக்க வேண்டியது குறைவு.

எவ்வளவு வேகமா நடக்கணும்? ஓடி வந்து போட்டா பந்து வேகமா போகாதா?

வேகத்தை நீங்கள் முடிவு செய்யவில்லை, உங்கள் கையின் நீளம் முடிவு செய்கிறது.

தளர்ந்து தொங்கும் கையில் பந்து ஆடுவது ஊஞ்சல் ஆடுவதைப் போலத்தான். ஊஞ்சலில் குழந்தை உட்கார்ந்தாலும் பெரியவர் உட்கார்ந்தாலும் ஒருமுறை போய்வர ஏறக்குறைய ஒரே நேரம் ஆகும். அதை மாற்றுவது சங்கிலியின் நீளம்தான். தோளிலிருந்து பந்தின் நடுப்பகுதிவரை சுமார் 75 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், முழுசாக ஒருமுறை போய்வர ஏறத்தாழ 1.7 வினாடி. அதில் கால்பங்கு 0.43 வினாடி. முன்னாலிருந்து கீழே ஒரு கால்பங்கு, கீழேயிருந்து பின் உச்சிக்கு ஒன்று, உச்சியிலிருந்து மறுபடி கீழே ஒன்று. இரண்டாவது, மூன்றாவது, நாலாவது ஸ்டெப்புகள் இந்த மூன்று கால்பங்குகளோடு இணைகின்றன. அப்படியென்றால் முதல் ஸ்டெப் பதிந்ததிலிருந்து பந்து கையை விட்டுப் போகும்வரை சுமார் 1.3 வினாடி.

பந்தின் எடை 10 பவுண்டானாலும் 14 பவுண்டானாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. ஓடி வந்தால் கால்கள் 1.3 வினாடிக்கு முன்பே கோட்டை அடைந்துவிடும், பந்து இன்னும் முதுகுப்பக்கம் இருக்கும். அப்புறம் அதை இழுத்துக்கொண்டு வருவதைத் தவிர வேறு வழியில்லை. மிக மெதுவாக நடந்தால் பந்து முந்திவிடும். நல்ல நடை என்பது ரோட்டைக் கடக்கும்போது நடக்கிற நடை: முதல் ஸ்டெப் சிறியது, நிதானமானது, பிறகு ஒவ்வொன்றும் சற்று நீண்டு, சற்று விரைந்து கடைசி ஸ்லைடில் முடிகிறது.

வேகம் கூட்ட வேண்டுமென்றால் ஆரம்பத்தில் பந்தை இரண்டு மூன்று அங்குலம் உயர்த்திப் பிடியுங்கள். உயரத்திலிருந்து விழும் பந்து பின்பக்கமும் உயரமாக ஏறும், வரும்போது வேகமாக வரும். கைக்கு வேலை கிடையாது.

ஆரம்பத்துல பந்தை எங்க பிடிச்சுக்கணும்? தள்ளறதுன்னா எப்படி?

இடுப்புக்கும் மார்புக்கும் நடுவில், வலதுதோளுக்கு நேர்கீழாக. முழங்கை விலாவை ஒட்டி இருக்கட்டும். பலர் பந்தை நெஞ்சுக்கு நடுவே பிடிக்கிறார்கள். அங்கிருந்து கிளம்பும் பந்து உடம்பைச் சுற்றிக்கொண்டு வலதுபக்கம் வெளியே போய், முதுகுக்குப் பின்னால் உள்ளே நுழைந்து, மறுபடி வெளியே வரும். நேர்கோட்டு ஸ்விங் அங்கேயே போய்விடுகிறது.

எடையில் பெரும்பங்கை இடதுகை தாங்கட்டும். வலதுகை பந்துக்குள் விரல்களை வைத்திருந்தால் போதும். எல்லா எடையையும் வலதுகையே தாங்கிக்கொண்டு நின்றால் தோள் தசைகள் இறுகிவிடும், இறுகிய தோளால் தளர்வாக ஆட முடியாது.

தள்ளுவது என்பது முன்னாலும் சற்றுக் கீழேயும் பந்தை நீட்டுவது, எதிரே இருப்பவருக்குக் கொடுப்பதுபோல. முதல் ஸ்டெப் முடியும்போது முழங்கை நேராகிவிட வேண்டும், அப்போதுதான் இடதுகை பிரிகிறது. பிரிந்ததும் பந்தை இறக்காதீர்கள், அதுவாக விழ விடுங்கள். மேல்நோக்கித் தள்ளினால் பந்து உச்சியில் ஒரு கணம் தயங்கி, பிறகு தடாலென்று விழும். அந்தத் தயக்கமே டைமிங்கைத் தாமதமாக்கப் போதும்.

ஸ்லைடு எப்போ ஆரம்பிக்கணும், எவ்வளவு தூரம் போகணும்?

மூன்றாவது ஸ்டெப்பில் வலதுகால் தரையைப் பின்னோக்கி உந்துகிறது. அந்த உந்துதலில்தான் ஸ்லைடு பிறக்கிறது. இடதுகாலைத் தூக்கி வைக்கக்கூடாது. பாதத்தின் முன்பகுதி தரையை உரசியபடி இறங்க வேண்டும், குதிகால் மயிரிழை மேலே இருக்க வேண்டும். வழுக்கி முடிகிற நேரத்தில் குதிகால் இறங்கும். குதிகால்தான் பிரேக்.

புதியவருக்கு ஓரடி ஸ்லைடு தாராளம். பாதி அடி வந்தால்கூடப் பரவாயில்லை. ஸ்லைடின் வேலை தூரம் போவதல்ல. நடந்து வந்த உடம்பைத் திடீரென்று நிறுத்தாமல் மெல்ல நிறுத்துவது. கால் சட்டென்று நின்றால் மேலுடம்பு முன்னால் சாயும், தோள் கீழே போகும், பந்து திசை மாறும்.

முழங்கால்தான் இதில் பலரும் விடுகிற இடம். மூன்றாவது ஸ்டெப்பிலிருந்தே இடுப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, ஸ்லைடு முடியும்போது இடது முழங்கால் நன்றாக மடங்கி இருக்க வேண்டும். நின்ற நிலையில் மேலிருந்து பார்த்தால் முழங்கால் ஷூவின் முனையை மறைக்கும். முழங்கால் நேராக இருந்தால் பந்து தரையிலிருந்து ஓரடி உயரத்தில் கையை விட்டுப் போகும், விழுகிற சத்தம் பக்கத்து லேனுக்கும் கேட்கும். இடுப்பை வளைத்துக் குனிந்து அந்த உயரத்தைக் குறைக்கப் பார்ப்பவர்களுக்கு முதுகுவலிதான் மிச்சம்.

இடதுபாதம் உடம்பின் நடுக்கோட்டுக்கு, அதாவது மோவாய்க்கு நேர்கீழே வந்து சேர வேண்டும். அப்போது வலதுபக்கம் பந்து போவதற்கு இடம் கிடைக்கும், பந்து கணுக்காலுக்கு ஓரிரு அங்குலம் தள்ளிக் கடக்கும்.

அப்போ வலதுகால் என்ன பண்ணும்?

பின்னால், இடதுபக்கமாகக் குறுக்கே போகும். விரல் நுனி தரையைத் தொட்டுக்கொண்டே இருக்கட்டும். இது அழகுக்காக இல்லை. வலதுகால் நேரே பின்னால் நின்றுவிட்டால் இடுப்பு பந்தின் வழியை மறிக்கும், கை இடுப்பைச் சுற்றி வெளியே போய்வர வேண்டியிருக்கும். ரிலீஸானதும் வலதுகால் முன்னால் வந்து ஊன்றுகிறது என்றால் நீங்கள் நிலை தவறியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்; காரணத்தைக் காலில் தேடாமல் டைமிங்கில் தேடுங்கள்.

என் கால் வழுக்கவே மாட்டேங்குது. பிசின் மாதிரி ஒட்டுது. என்ன பண்றது?

முதலில் ஷூவின் அடியைக் கையால் தடவிப் பாருங்கள். ஈரம்தான் பெரும்பாலும் காரணம். உட்காரும் இடத்தில் சிந்திய குளிர்பானம், கழிவறைத் தரை, மழைக்கால நசநசப்பு, எதுவாகவும் இருக்கலாம். பவுலிங் ஷூவோடு கழிவறைக்குப் போகாதீர்கள். காய்ந்த துணியால் துடைத்துவிட்டு, பந்தில்லாமல் கோட்டுக்கு ஓரடி முன்பாக நின்று இடதுகாலை மெல்ல வழுக்கிப் பாருங்கள். ஒவ்வொரு முறை ஆட வரும்போதும் முதல் பந்துக்கு முன் இதைச் செய்வது நல்லது, ஏனென்றால் ஒட்டிய கால்தான் ஆளைத் தலைகுப்புற விழவைக்கிறது.

வாடகை ஷூக்களில் பொதுவாக இரண்டு அடிகளும் வழுக்கும், இரு கைக்காரர்களுக்கும் பொருந்த வேண்டும் என்பதால். சொந்த ஷூ வாங்கினால் வலதுகைக்காரருக்கு இடது அடி வழுக்கும், வலது அடி பிடிக்கும். ஷூவுக்கோ தரைக்கோ பவுடர் போடக்கூடாது. அடுத்து வருபவர் அதில் வழுக்கி விழுவார்.

ஈரமும் இல்லை, ஆனாலும் ஒட்டுகிறது என்றால் குதிகால் முதலில் இறங்குகிறது. நடக்கிற பழக்கத்தில் குதிகாலை ஊன்றினால் பிரேக் முதலிலேயே விழுந்துவிடுகிறது.

என் டைமிங் சரியா, லேட்டா, முந்தியான்னு நானே எப்படிக் கண்டுபிடிக்கறது?

யாரிடமாவது கைபேசியைக் கொடுத்து வலதுபக்கத்திலிருந்து, இடுப்பு உயரத்தில், முழு உடம்பும் தெரியும்படி எடுக்கச் சொல்லுங்கள். சாதாரண வீடியோவே போதும். வினாடிக்கு 30 ஃபிரேம் என்றால் ஸ்விங்கின் ஒரு கால்பங்குக்கு 13 ஃபிரேம் கிடைக்கும். பிறகு ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி நாலு இடங்களைப் பாருங்கள்: ஒவ்வொரு கால் பதியும்போதும் பந்து எங்கே?

ஒரு வீடியோவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். முதல் வலதுகால் பதிந்த ஃபிரேமை 0 என்று வைத்துக்கொள்வோம். இடதுகால் 13இல் பதிகிறது, வலதுகால் 26இல், ஸ்லைடு கால் 32 வாக்கில் தரையைத் தொட்டு 40இல் நிற்கிறது. நடை சீராகத்தான் இருக்கிறது. ஆனால் 0ஆவது ஃபிரேமில் பந்து இன்னும் வயிற்றருகே இருக்கிறது. கை முழுசாக நீள 6ஆவது ஃபிரேம் ஆகிறது. அதன்பிறகு பந்து தன் கணக்குப்படி போகிறது: 19இல் அடிமட்டம், 32இல் பின் உச்சி, 45இல் மறுபடி அடிமட்டம். அதாவது ஸ்லைடு கால் தரையைத் தொடும்போதுதான் பந்து உச்சியில் இருக்கிறது. கால் நின்று 5 ஃபிரேம் கழித்துத்தான் பந்து கணுக்காலுக்கு வர முடியும். வினாடியில் ஆறில் ஒரு பங்குதான் அது. ஆனால் நின்றுவிட்ட உடம்பு அவ்வளவு நேரம் சும்மா இருக்காது. தோள் முன்னால் சுழன்று பந்தைப் பிடுங்கி இழுக்கும், கை உடம்பின் குறுக்கே போகும், பந்து பெரும்பாலும் இடப்பக்கம் இழுபடும்.

இதுதான் லேட் டைமிங். போடுபவருக்குத் தெரிவதோ "கையை இழுத்துட்டேன்" என்பது மட்டும். எனவே கையை இழுக்காதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பத்து பந்து போடுவார், எதுவும் மாறாது. அந்த 6 ஃபிரேமைத்தான் திருத்த வேண்டும். வலதுகால் அசையும் அதே கணத்தில் பந்தும் அசைய வேண்டும். சேரவில்லை என்றால் கொஞ்ச நாள் வேண்டுமென்றே பந்தை ஒரு நொடிப்பொழுது முன்னதாகக் கிளப்பிப் பாருங்கள். பந்து முந்திக் கிளம்புவதாக உங்களுக்குத் தோன்றும்போது வீடியோவில் இரண்டும் சேர்ந்தே கிளம்பியிருக்கும். பந்தை இரண்டு அங்குலம் தாழ்த்திப் பிடிப்பதும் உதவும், நீட்ட வேண்டிய வழி குறுகும்.

உங்கள் வீடியோவில் எண்கள் இப்படிக் கச்சிதமாக வராது. கை நீளமும் நடையும் ஆளுக்கு ஆள் மாறும். ஓரிரண்டு ஃபிரேம் முன்பின்னாக இருப்பதைப் பொருட்படுத்தாதீர்கள்.

பந்து முந்தி வந்துட்டா எப்படித் தெரியும்?

கால் இன்னும் வழுக்கிக்கொண்டிருக்கும்போதே பந்து கையை விட்டுப் போய்விடும். உடம்பு பந்தின் பின்னால் இழுபட்டு முன்னால் சாயும், போட்ட பிறகு கோட்டைத் தாண்டிவிடாமல் இருக்கத் தடுமாறுவீர்கள். பந்தில் உயிரே இருக்காது, சும்மா உருண்டு போகும். வீடியோவில் மூன்றாவது கால் பதியும் முன்பே பந்து உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கியிருக்கும்.

காரணங்கள் இரண்டு. ஒன்று, கால் அசையும் முன்பே பந்தைத் தள்ளுவது. மற்றது, தள்ளாமலே நேராகக் கீழே போடுவது. முன்னால் போகிற பகுதியே இல்லாததால் ஸ்விங்கில் ஒரு துண்டு குறைந்துவிடுகிறது. இரண்டாவதுதான் அதிகம் கண்ணில் படுகிறது, குறிப்பாகப் பந்து கனமாக இருக்கும்போது. கை முழுக்க நீண்ட பிறகே இடதுகை பிரிய வேண்டும் என்பதைப் பிடித்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். இடது வலது என்று பந்து தவறுவதை மட்டும் வைத்து லேட்டா, முந்தியா என்று முடிவு கட்டாதீர்கள். திசை தவற வேறு காரணங்களும் உண்டு.

பந்து கையை விட்டு வரும்போது கட்டைவிரல் மாட்டிக்குது. தொப்புனு விழுது. ஏன்?

ஒன்று ஓட்டை சரியில்லை, அல்லது நீங்கள் பிடித்து அழுத்துகிறீர்கள். பெரும்பாலும் முதலாவது இருப்பதால்தான் இரண்டாவது வருகிறது. ஓட்டை லூசாக இருந்தால் பந்து விழுந்துவிடுமோ என்ற பயத்தில் கட்டைவிரல் மடங்கி உள்பக்கம் நெம்பும். மடங்கிய விரல் கீழே வரும்போது வெளியே வராது; பந்து மேல்நோக்கி எழும்பி அப்புறம் விழும்.

பந்து தேர்வு செய்யும்போது கட்டைவிரலை முழுசாக உள்ளே விட்டுத் திருப்பிப் பாருங்கள். சுவரில் லேசாக உரச வேண்டும், இறுகவும் கூடாது, ஆடவும் கூடாது. அடுத்து, கட்டைவிரல் உள்ளே இருக்க, நடுவிரலையும் மோதிரவிரலையும் ஓட்டைகளின் மேல் விரித்து வையுங்கள். விரலின் இரண்டாவது மூட்டுக் கோடு ஓட்டையின் உள்விளிம்பைக் கால் அங்குலம் தாண்டியிருந்தால் இடைவெளி சரி. அலமாரியில் இருக்கும் பந்துகள் யாருக்கும் அளந்து செய்தவை அல்ல, ஆகவே எடையைப் பார்த்து முதல் பந்தை எடுத்துவிடாமல் நாலைந்து பந்துகளில் விரல் விட்டுப் பார்க்க வேண்டும். எடைக்கு, உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். தொடங்க அது சரி, ஆனால் பேக்ஸ்விங்கில் பந்தைக் கட்டுப்படுத்த மணிக்கட்டை இறுக்க வேண்டியிருந்தால் 2 பவுண்டு குறைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல ரிலீஸில் பந்து கணுக்காலைக் கடக்கும் இடத்தில் கட்டைவிரல் முதலில் வெளியே வருகிறது. எடை ஒரு கணம் இரண்டு விரல்களின் மேல் நிற்கிறது, பிறகு அவையும் விடுபடுகின்றன. நீங்கள் எதையும் திறப்பதில்லை. கட்டைவிரல் நேராக, தளர்வாக இருந்தால் பந்தின் எடையே அதை உருவிக்கொண்டு போகும். பந்து ஃபவுல் கோட்டைத் தாண்டி ஓரடிக்குள் தரையைத் தொட வேண்டும். சத்தம் கேட்டாலே போதும், பார்க்க வேண்டாம்: வழுவழுவென்று இறங்கினால் சரி, 'தொப்' என்றால் கட்டைவிரல் தாமதம் அல்லது முழங்கால் நேராக இருக்கிறது. கோட்டுக்கு முன்னாலேயே விழுந்தால் ஓட்டை பெரிது, அல்லது டைமிங் முந்திவிட்டது.

மணிக்கட்டைத் திருப்பினாத்தானே பந்து வளையும்?

இப்போது வேண்டாம். மணிக்கட்டைத் திருகும்போது முழங்கையும் கூடவே வெளியே வளைந்துவிடும், கை பந்தின் மேல்பக்கம் போய்விடும், அப்புறம் பந்து சுழலும், ஆனால் வளையாது. அலமாரிப் பந்துகளின் மேற்பரப்பும் எண்ணெய் பூசிய லேனைப் பெரிதாகப் பிடிக்காது, எனவே எவ்வளவு திருகினாலும் பலன் சொற்பம்.

உள்ளங்கை பந்தின் பின்னால் இருக்கட்டும். கடிகார முகத்தை நினைத்துக்கொண்டால் கட்டைவிரல் 12 மணியைக் காட்டினால் நேர்பந்து. 10 மணிப் பக்கம் வைத்து, ஸ்விங் முழுக்க அதே நிலையில் விட்டால் கைகுலுக்கும் நிலையில் கை முன்னால் போய் முடியும், பந்து தானாகவே சிறிது இடப்பக்கம் திரும்பும். அதற்குமேல் இப்போதைக்குத் தேவையில்லை.

பின்னைப் பார்க்கணுமா, அம்புக்குறியைப் பார்க்கணுமா?

அம்புக்குறியை. முதல் பின் ஃபவுல் கோட்டிலிருந்து 60 அடி, லேனில் பதித்த அம்புக்குறிகள் சுமார் 15 அடி. பக்கத்தில் இருப்பதைக் குறிவைப்பது சுலபம்.

லேனில் நீளவாக்கில் 39 போர்டுகள், ஒவ்வொன்றும் ஓரங்குலத்துக்குச் சற்று அதிக அகலம். வலது ஓரத்திலிருந்து எண்ணினால் ஒவ்வொரு ஐந்தாவது போர்டிலும் ஓர் அம்புக்குறி, ஆகவே இரண்டாவது அம்புக்குறி 10ஆவது போர்டு. இடதுகால் 15ஆவது போர்டில் நின்றால் பந்து அதற்கு ஏறக்குறைய 7 போர்டு வலப்பக்கமாக, 8இல் தரையைத் தொடும். அங்கிருந்து 10ஐக் கடந்தால் 15 அடிக்கு 2 போர்டு இடப்பக்கம் நகர்கிறது. 60 அடியில் 8 போர்டு நகர்ந்து 16இல் போய்ச் சேரும். முதல் பின்னுக்கும் அதன் வலப்பக்கப் பின்னுக்கும் நடுவே நாம் விரும்பும் இடத்துக்கு அது ரொம்பப் பக்கம்.

அம்புக்குறியில் ஒரே ஒரு போர்டு வலப்பக்கம் தவறி 9ஐக் கடந்தால் பந்து 12இல் போய்ச் சேரும், முதல் பின்னைத் தொடாது. ஒரு போர்டு இடப்பக்கம் தவறினால் 20, முதல் பின்னின் நடுநெற்றி, இரண்டு ஓரத்திலும் பின்கள் மிச்சமாக நிற்கும். அதாவது அம்புக்குறியில் ஓரங்குலத் தவறு, பின்களிடம் நாலு அங்குலத்துக்கு மேல். தோள் இழுத்த பந்து ஏன் அவ்வளவு தூரம் போய்விடுகிறது என்பதற்குக் கணக்கு இதுதான்.

கோட்டைக் கை தாண்டினாலும் ஃபவுலா?

இல்லை. கை காற்றில் தாண்டிப் போகலாம். உடம்பின் ஏதாவது ஒரு பகுதி கோட்டையோ அதற்கு அப்பால் உள்ள லேனையோ தொட்டால்தான் ஃபவுல். அந்தப் பந்தில் விழுந்த பின்களுக்குப் புள்ளி கிடையாது.

முதல் ஒரு மணி நேரம் கிடைச்சா எதைப் பழகறது?

பந்தில்லாமல் தொடங்குங்கள். கையை நீட்டி, விழவிட்டு, பின்னால் போகவிட்டு நாலு ஸ்டெப் நடந்து ஸ்லைடில் நில்லுங்கள். கையும் காலும் சேரும்வரை இதைச் செய்யலாம், வீட்டு வராந்தாவில் சாக்ஸோடுகூட.

பிறகு பந்தோடு ஒற்றை ஸ்டெப். கோட்டிலிருந்து ஓர் எட்டுத் தள்ளி, வலதுகாலில் எடையை வைத்து நில்லுங்கள். பந்தைக் கையில் தொங்கவிட்டு மெல்ல முன்னும் பின்னும் ஆட விடுங்கள். பின்னால் போய் உச்சியிலிருந்து திரும்பும் கணத்தில் இடதுகாலை வழுக்கி, பந்தை விடுங்கள். வேகம் வேண்டாம், பின்கள் விழவும் வேண்டாம். பந்து எப்போது வருகிறதோ அப்போது கால் வருகிறது என்ற உணர்வு இங்கேதான் கிடைக்கும். நாலு ஸ்டெப்பும் நடக்கும்போது கவனிக்க நிறைய விஷயங்கள் இருப்பதால் அது பிடிபடாது. ஒட்டாமல், தொப்பென்று விழாமல் தொடர்ந்து ஐந்தாறு பந்துகள் வந்த பிறகு முழு நடைக்குப் போங்கள்.

முழு நடையில் ஒரு சோதனை மட்டும் போதும். பந்தை விட்டதும் அப்படியே நில்லுங்கள்: இடது முழங்கால் மடங்கி, வலதுகால் பின்னால், இடதுகை பக்கவாட்டில் விரிந்து, வலதுகை முன்னால் உயர்ந்து. பந்து பின்களை அடைய இரண்டரை முதல் மூன்று வினாடி ஆகும். அதுவரை தடுமாறாமல் நிற்க முடிந்தால் அந்தப் பந்தின் டைமிங் சரி, பின் விழுந்தாலும் விழாவிட்டாலும். நிற்க முடியாத பந்துகள் அடுத்தடுத்து மூன்று வந்தால் முழு நடையை நிறுத்திவிட்டு ஒற்றை ஸ்டெப்புக்குத் திரும்புங்கள்.